ஒரே முகவரியில் இரண்டு கருவி: ‘மோதல்’ என்பதா, ‘இழுபறி’ என்பதா?

சோமனூரிலிருந்து

வணக்கம். தறிக்காரர்களுக்காக வீட்டு நெட்வொர்க் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. இரண்டு கருவிகள் ஒரே ஐபி முகவரியை வைத்துக்கொண்டால் வரும் கோளாறுக்கு என்ன பெயர் வைக்கலாம்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்து பிறந்தால் நல்லது.

வீடும் தறிக்குடோனும் ஒரே ரவுட்டரில் ஓடுகின்றன. குடோனில் கேமரா மாட்ட வந்தவர் ரெக்கார்டர் பெட்டிக்கு 192.168.1.10 என்று கையால் போட்டுவிட்டுப் போனார். ரவுட்டரோ 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் தானாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மகளின் லேப்டாப்பில் வகுப்பு அறுந்து அறுந்து வந்தது. வைஃபை கோடு முழுசாக நிற்கும், பக்கம் திறக்காது, இரண்டு நிமிடத்தில் தானே சரியாகிவிடும். மற்றவர்கள் போனில் ஒரு குறையும் இல்லை.

கரண்ட் போனால் மட்டும் வகுப்பு தடங்கலே இல்லாமல் ஓடியது! ரவுட்டர் இன்வெர்ட்டரில், லேப்டாப் பேட்டரியில். அணைவது குடோன் பெட்டி மட்டும்தான். அங்கேதான் பிடி கிடைத்தது.

இப்போதைக்கு ‘முகவரி மோதல்’ என்று எழுதியிருக்கிறேன். மனசுக்கு ஒட்டவில்லை.

பவானியிலிருந்து

‘இரட்டை முகவரி’ என்று வையுங்கள் அண்ணா. ஒரே நிலத்துக்கு இரண்டு பேருக்குப் பட்டா கொடுத்தால் இரட்டைப் பட்டா என்கிறோமே, அதே கதைதான். ரவுட்டர் மறந்துபோய் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டது. அதை அணைத்துப் போட்டால் தீர்ந்துவிடும்.

பீளமேட்டிலிருந்து

தம்பி, பட்டா உவமை அழகு. ஆனால் ரவுட்டர் கொடுத்தது ஒருவருக்குத்தான். பெட்டி யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப் எண் கேட்டிருக்கும்; பெட்டி அணைந்திருந்ததால் 10 காலி என்றே ரவுட்டர் நினைத்திருக்கும். அணைத்துப் போட்டால் லேப்டாப்புக்கு வேறு எண் விழுந்து கொஞ்ச நாள் ஓடலாம், அடுத்த முறை வேறொரு போன் மாட்டும். தவிர, ‘இரட்டை முகவரி’ என்றால் ஒரே கருவிக்கு இரண்டு முகவரி என்று படிக்கத் தோன்றும். அது கோளாறே இல்லை.

‘மோதல்’ எனக்கும் உவப்பில்லை. பழைய ஈதர்நெட்டில் ஒரே கம்பியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அதற்கு மோதல் என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம். இங்கே எதுவும் எதிலும் மோதவில்லை. 10 யாருடையது என்று ரவுட்டர் ஒரு மேக் முகவரியை, அதாவது கருவியோடு கூடவே வரும் அடையாள எண்ணை, குறித்து வைத்திருக்கிறது. பெட்டி வாய் திறந்தால் பெட்டியின் பெயர், லேப்டாப் வாய் திறந்தால் லேப்டாப்பின் பெயர் என்று அந்தக் குறிப்பு மாறிக்கொண்டே இருக்கும். வகுப்புக்கு வர வேண்டிய பதில் பெட்டிக்குப் போய்விட்டால், ‘இப்படி ஒரு தொடர்பு எனக்கு இல்லை’ என்று பெட்டி அந்தப் பக்கமே திருப்பிச் சொல்லும். வகுப்பு அந்த நொடியில் அறுந்துவிடும். அதனால் என் ஓட்டு ‘முகவரி இழுபறி’க்கு.

சந்தேகம் இருந்தால் மூன்றாவது ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து கேட்டுப் பாருங்கள். `eth0` இடத்தில் உங்கள் கணினியில் உள்ள பெயரைப் போட வேண்டும்.

```
sudo arping -b -c 3 -I eth0 192.168.1.10
```

ஒரே எண்ணுக்கு இரண்டு மேக் முகவரிகள் பதில் சொன்னால் இதுதான். ஒரே கருவிதான் பதில் சொன்னால், இன்னொன்று அப்போது அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

காங்கேயத்திலிருந்து

ஏனுங்க, எங்க தோட்டத்துச் சாளையிலும் ராத்திரி எட்டு மணியானால் நெட் போயிடுதுங்க. டிவி, போன் எல்லாமே ஒண்ணா நிக்குது. அதுவும் இழுபறிதானுங்களா?

பீளமேட்டிலிருந்து

எல்லாம் ஒன்றாக நின்றால் முதலில் வெளியிலிருந்து வரும் லைனைப் பாருங்க. இழுபறியில் பொதுவாக அந்த இரண்டு கருவிகள்தான் மாட்டும். ஆனால் யாராவது ரவுட்டரின் சொந்த எண்ணையே கேமராவுக்குப் போட்டிருந்தால் மொத்த வீடும் தடுமாறும், அதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்க.

பவானியிலிருந்து

சரிங்க அண்ணா, ரவுட்டர் விஷயம் புரிந்தது. ஆனால் ‘இழுபறி’ என்றால் தேர்தல் முடிவு மாதிரி, கடைசியில் யாரோ ஒருவர் ஜெயிப்பார் என்று தோன்றும். இங்கே யாரும் ஜெயிப்பதில்லையே. ‘முகவரி முரண்’ என்றால் பாடப்புத்தகத்திலும் நிற்கும்.

சோமனூரிலிருந்து

`arping` போட்டுப் பார்த்தேன், இரண்டு மேக் முகவரிகள் மாறி மாறி வந்தன. ரவுட்டரின் பங்கீட்டை 100 முதல் 200 வரை என்று குறுக்கிவிட்டேன். பெட்டிக்கு 250 கொடுத்து, மூடியில் அந்த எண்ணை எழுதி ஒட்டியாயிற்று.

‘முரண்’ என்று எங்கள் பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னேன், முகத்தைப் பார்த்தார். ‘இழுபறி’ என்றதும், “பெட்டியும் லேப்டாப்பும் இழுக்குதா?” என்று கேட்டார். கையேட்டில் இப்போதைக்கு இழுபறி. பாடப்புத்தகத்துக்கு எது என்பதை நீங்கள் இருவரும் பேசிச் சொல்லுங்கள்.