சொன்ன விலை ஒன்று, பில் வேறு: இந்த பெடிக்யூருக்கு ஒரு நட்சத்திரம் சரியா?

தேன்துளி: புதுசா ஒரு பார்லரில் பெடிக்யூர் செய்தேன். நகவெட்டி, நகத்தோலைத் தள்ளுற புஷர் எல்லாம் நீல விளக்கு எரியும் பெட்டியிலிருந்து எடுத்தாங்க. காலை ஊறவைக்க, குமிழி வரும் ஜெட் தொட்டி. கட்டைவிரல் நக ஓரத்தை ஆழமா வெட்டி ரத்தம் வந்தது. பில் பலகையில் இருந்த விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்னு இருக்கேன். நியாயமா?

மாறன்: நியாயமே இல்லைங்க. நீல விளக்குப் பெட்டி வச்சிருக்காங்கன்னாலே அக்கறையான கடை. புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும்தானே? துளி ரத்தம் யாருக்கும் வரும். அதுக்காக ஒருத்தர் பிழைப்பில் கை வைக்காதீங்க.

பழைய பியூட்டிஷியன்: மாறன், கதிர் கொல்லும்கிறது சரி, ஆனா அது நேரா படுற இடத்தில் மட்டும்தான். நகவெட்டியின் மூட்டுக்குள்ளயும், ஒண்ணுமேல ஒண்ணா கிடக்கிற கருவிகளின் அடியிலயும் படாது. தோல் துணுக்கு ஒட்டியிருந்தா அதுக்குக் கீழே கிருமி பத்திரமா இருக்கும். சுத்தம் பண்ணின கருவியை வைக்கத்தான் அந்தப் பெட்டி.

முறை என்னன்னா, முதல்ல சோப்புத் தண்ணியில் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அப்புறம் கிருமிநாசினியில் முழுசா மூழ்கவிடணும். எவ்வளவு நேரம்னு பாட்டில்லயே இருக்கும், பலதுக்கும் 10 நிமிஷம். அவசரத்தில் ஒரு முக்கு முக்கி எடுத்தா பிரயோசனம் இல்லை. ஆட்டோகிளேவ்னா அழுத்த நீராவியில் 121 டிகிரி, 15 நிமிஷம். அப்படி வந்த கருவி சீல் போட்ட பையில் இருக்கும், உங்க முன்னாடிதான் பிரிப்பாங்க. தேன்துளி, முந்தின ஆள் எழுந்து எவ்வளவு நேரத்தில் உங்களை உட்கார வச்சாங்க?

தேன்துளி: உடனேதான் அக்கா. தொட்டித் தண்ணியை மட்டும் மாத்தினாங்க.

பழைய பியூட்டிஷியன்: அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2000-இல் கலிபோர்னியாவில் ஒரே நகப் பராமரிப்புக் கடைக்குப் போன நூறு பேருக்கும் மேல காலில் கட்டி வந்தது. தேடிப் பார்த்தா, ஜெட் தொட்டியில் தண்ணியை உறிஞ்சுற இடத்துச் சல்லடைக்குப் பின்னால முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து கிடந்தது, அதில் மைக்கோபாக்டீரியம்ங்கிற கிருமி வளர்ந்திருந்தது. தண்ணியை மாத்தினா அது போகாது. சல்லடையைக் கழற்றித்தான் கழுவணும். கட்டி சில வாரம் கழிச்சும் வரலாம், அதனால கடை மேல சந்தேகமே வராது. பெடிக்யூருக்கு முன்னால காலை ஷேவ் பண்ணினவங்களுக்கு ஆபத்து கூடுதலா இருந்தது.

மல்லி: அதனால பெடிக்யூரே வேண்டாம்னு சொல்றீங்களா?

பழைய பியூட்டிஷியன்: இல்லைம்மா. ஜெட் இல்லாத சாதா பேசின்ல செய்துக்கோங்க. உள்ளே ஒளிஞ்சிருக்க இடமே இல்லை, கழுவுறதும் சுலபம்.

கடை நடத்துறவ: சுத்தத்தில் அக்கா சொல்றதை ஒத்துக்கிறேன். பில் விஷயத்தில் ஒத்துக்க மாட்டேன். பலகையில் போடுறது அடிப்படை பெடிக்யூர் விலை. குதிகால் தடிப்பு எடுக்கிறதும், பழைய ஜெல் பாலிஷ் கரைக்கிறதும் தனி வேலை, தனி நேரம். செய்துக்கிட்டு பில்லைப் பார்த்துக் கோபப்படுறது சரியா?

தேன்துளி: "குதிகால் ரொம்ப வறண்டிருக்கு, ஒரு பேஸ்ட் போடட்டுமா?"ன்னு கேட்டாங்க, சரின்னேன். அப்புறம் மாஸ்க், அதுக்கும் சரின்னேன். தனிக் காசுன்னு யாரும் சொல்லலை. பாலிஷ் போடும்போது கேட்கவே இல்லை. மேலே வரி வேற.

மாறன்: தலையாட்டினது நீங்கதானே.

பழைய பியூட்டிஷியன்: கால் தண்ணியில், கை அவங்க பிடியில். அந்த நிலைமையில் கேட்டா யாரும் தலையாட்டுவாங்க. கூடுதல் வேலைக்குக் கமிஷன் தர்ற கடைகள் உண்டு, அதனால ஊழியர்மேல மட்டும் பழி போடாதீங்க. ஆனா விலை சொல்லாம வாங்கின சம்மதம், என்னைப் பொறுத்தவரை சம்மதம் இல்லை.

கடை நடத்துறவ: ஒவ்வொரு தடவையும் விலை சொன்னா வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறாங்க. அதையும் பார்த்திருக்கேன்.

பழைய பியூட்டிஷியன்: அப்ப உட்காரும் முன்னாடியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்க.

தேன்துளி, உங்க ரிவ்யூவில் மூணையும் தனித்தனியா எழுதுங்க. தொட்டி, கருவி பற்றி நீங்க கண்ணால பார்த்ததை மட்டும். பில்லில் பலகை விலை எது, கேட்டுச் சேர்த்தது எது, கேட்காமச் சேர்த்தது எது. வேலை பற்றி நான் கறாராத்தான் சொல்வேன்: கால் நகத்தை நேரா வெட்டணும். ஓரத்தைத் தோண்டினா வளரும்போது சதைக்குள்ள குத்தும், அது கைத்தவறு இல்லை, பழக்கத் தவறு. ரத்தம் வந்ததும் அந்த வெட்டியை ஓரமா வச்சாங்களா?

தேன்துளி: பஞ்சால துடைச்சுட்டு அடுத்த விரலுக்குப் போயிட்டாங்க.

மாறன்: அது தப்புதான். இருந்தாலும் ரெண்டு நட்சத்திரமாவது கொடுங்க, உட்கார்ந்து வேலை செய்தவங்க சம்பளத்தில்தான் பிடிப்பாங்க.

பழைய பியூட்டிஷியன்: நட்சத்திரம் எத்தனைங்கிறது உங்க இஷ்டம். அந்த விரல் சிவந்து, சூடா, துடிக்கிற மாதிரி வலிச்சா டாக்டரைப் பாருங்க. கெண்டைக்காலில் பரு மாதிரி வந்து ஆறாம இருந்தாலும் பாருங்க, அப்ப பார்லர் போனதையும் மறக்காம சொல்லுங்க.