சேற்றுப்புண்ணுக்கு எந்த சாக்ஸ் சரி?

என் கணவர் ஆலையில் நாள் முழுக்க சேஃப்டி ஷூவில் நிற்பவர். இந்த மழையில் அவருக்குக் கடைசி இரண்டு கால்விரல்களுக்கு நடுவே தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, ஒரே அரிப்பு. பூஞ்சைத் தொற்றுதான் என்று டாக்டர் க்ளோட்ரிமசோல் களிம்பு கொடுத்தார். விரலிடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு வேளை தடவ வேண்டும். அரிப்பு நின்றாலும் 4 வாரம் நிறுத்தக் கூடாதாம்.

சரி, சிக்கல் சாக்ஸில்தான். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது, மதியத்துக்குள் நசநசக்கிறது. நைலானில் இன்னும் புழுக்கம். மாற்று ஜோடி கொடுத்தனுப்பினால் துவைத்தது காய்வதில்லை. விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் ஷூவுக்குள் அடங்குமா? ஈர ஷூவை ஒரே இரவில் எப்படிக் காயவைக்கிறீர்கள்? (மஞ்சள், வெங்காயச் சாறெல்லாம் வேண்டாம், தோல் வெடித்திருக்கிறது.)