பின்தொடர்வோர் எண்ணிக்கையா, அறிமுகங்களா: தொழில் தொடர்புகள் பலன் தருகின்றனவா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கோவை ஃபிக்ஸ்சர்:
கோயம்புத்தூரில் சிஎன்சி பட்டறைகளுக்கு, பாகத்தை மெஷினில் அசையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் வடிவமைத்துத் தரும் தொழிலைத் தனி ஆளாகச் செய்து வருகிறேன். ஓராண்டாக லிங்க்ட்இனில் தவறாமல் எழுதியதில் பின்தொடர்வோர் 900-இலிருந்து 4,100 ஆகியிருக்கிறார்கள். ஆர்டர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. என் தொடர்புகள் வேலை செய்கின்றனவா என்பதை வேறு எந்த வகையில் அளப்பது?

சென்னை மார்க்கெட்டிங்:
எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கும்போது அதைச் சந்தேகிப்பது சரியாகப் படவில்லை. ஒரு நிறுவனத்தின் பர்சேஸ் அதிகாரி உங்கள் பெயரைக் கேள்விப்பட்டவுடன் முதலில் உங்கள் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறார். அங்கே நான்காயிரம் பேர் இருந்தால் பேச்சு ஒரு விதமாகத் தொடங்கும். நாற்பது பேர் இருந்தால் வேறு விதமாகத் தொடங்கும். பார்ப்பவர்கள் கூடினால் அதே விகிதத்தில் விசாரிப்பவர்களும் கூடுவார்கள் என்பதால், எழுதுவதைக் குறைக்காமல் பொறுமையாக இருங்கள்.

குறிச்சி டூல்ரூம்:
பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது உண்மை. அதே விகிதத்தில் கூடும் என்பதை நான் ஏற்கவில்லை. கேள்வி கேட்டவர் தம்மைக் கடைசியாகப் பின்தொடர்ந்த ஐம்பது பேரின் பெயர்களைத் திறந்து, அவர்களில் எத்தனை பேர் உற்பத்திப் பிரிவிலோ பர்சேஸிலோ இருக்கிறார்கள், எத்தனை பேர் மாணவர்களும் சக வடிவமைப்பாளர்களும் என்று பார்க்கட்டும். வடிவமைப்பைப் பற்றி நன்றாக எழுதுபவரைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் வடிவமைப்பைக் கற்க விரும்புகிறவர்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனால் ஃபிக்ஸ்சர் வாங்கப் போகிறவர்கள் அல்லர்.

ஒரு டூல்ரூமின் வணிகப் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவள் என்ற முறையில், மூன்றை மட்டும் எழுதி வைக்கச் சொல்வேன்: உரையாடல், அறிமுகம், வாய்ப்பு. எதை எண்ணுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். "பதிவு அருமை சார்" என்ற செய்திக்கு நீங்கள் நன்றி சொன்னால் அது உரையாடல் ஆகாது. "எங்கள் அலுமினிய ஹவுசிங்கை வைஸில் இறுக்கும்போது துளை சரியாக இருக்கிறது, கழற்றியதும் ஓவலாகிவிடுகிறது" என்று எதிரில் இருப்பவர் தம் பட்டறையின் சிக்கலை வாய்விட்டுச் சொன்னால்தான் அது உரையாடல். அறிமுகமும் அப்படித்தான். ஒருவர் உங்களுக்கு ஒரு கைபேசி எண்ணை மட்டும் கொடுத்தால் அதை எண்ண வேண்டாம். அவரே மறுமுனையில் இருப்பவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி, "இவர் நாளை கூப்பிடுவார்" என்று தம் பெயரைப் பணயம் வைத்திருந்தால் எண்ணுங்கள். வாய்ப்பு என்றால் அவர்கள் பாகத்தின் ட்ராயிங் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், அல்லது பாகத்தைப் பார்க்க நேரில் அழைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் "இவர் என்னிடம் எந்த வழியாக வந்தார்" என்ற ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். மாதக் கூட்டல்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். இந்தத் தொழிலில் முதல் பேச்சுக்கும் ஆர்டருக்கும் இடையே பல மாதங்கள் போய்விடுவதால், இந்த மாத ஆர்டர் போன காலாண்டின் பேச்சுக்கு உரியதாக இருக்கும். ஒவ்வொரு பெயரும் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று வரி வரியாகப் படியுங்கள்.

ஷார்ஜாவிலிருந்து:
நான் வேலை தேடுகிறவன் என்பதால் இது எனக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நாள்தோறும் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பி, எண்ணிக்கையைத் தாளில் குறித்து வருகிறேன். அனுப்பும் எண்ணிக்கை குறைந்தால் மனம் சோர்ந்துவிடுகிறது. முன்பு ஊரில் வாராந்திர வணிகக் குழு ஒன்றில் இருந்தபோது, ஒவ்வொரு வாரமும் யாருக்காவது ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்தது. கேள்வி கேட்டவரும் அப்படிப்பட்ட குழுவில் சேர்ந்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

குறிச்சி டூல்ரூம்:
ஐயா, நீங்கள் எண்ணுவது உங்கள் உழைப்பை. அவர் கேட்டது விளைவைப் பற்றி. அனுப்பிய செய்திகளை எண்ணுவதில் தவறில்லை, ஆனால் பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் தங்கள் பிரிவில் காலியிடம் இருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசினார்கள் என்பதே உங்களுக்கு வேண்டிய எண். வாரத்துக்கு ஒரு சீட்டு என்ற கட்டாயம் வந்தவுடன் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்: கணக்குக்காக வெறும் பெயர்கள் கைமாறத் தொடங்கிவிடும். உரையாடல் எண்ணிக்கையையும் இலக்காக்கினால் அதே கதிதான். ஆகவே அதைப் பதிவேடாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை ஃபிக்ஸ்சர்:
அம்மா, பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் டைரியையும் வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன விதிப்படி கடந்த காலாண்டை எழுதிப் பார்த்தேன். உரையாடல் என்று சொல்லத்தக்கவை 18. அவற்றில் லிங்க்ட்இன் வழியாக வந்தவை 11, பிறர் அறிமுகத்தால் வந்தவை 5, கொடிசியா வளாகக் கண்காட்சியில் பேசியவை 2. ட்ராயிங் அளவுக்குப் போனவை 5: அறிமுகத்தில் 3, லிங்க்ட்இனில் 1, கண்காட்சியில் 1. ஆர்டர் ஆனது ஒன்றே ஒன்று; அது அறிமுகத்தில் வந்தது. அந்த ஐந்து அறிமுகங்களில் மூன்றைச் செய்தவர் ஒரே நபர்: பட்டறைகளுக்குக் கார்பைடு இன்செர்ட் விற்கும் டீலர். அவரோடு எனக்கு நெருங்கிய பழக்கம் கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பட்டறையில் எதிர்ப்படுவோம்.

குறிச்சி டூல்ரூம்:
இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அறிமுகத்தில் வந்த ஐந்து பேச்சுகளில் மூன்று ட்ராயிங்காகியிருக்கின்றன. லிங்க்ட்இனில் வந்த பதினொன்றில் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. எண்கள் மிகச் சிறியவை என்பதால், ஒரே ஒரு ஆர்டரை வைத்து எந்த வழி சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள். ட்ராயிங் கட்டத்தை வைத்தே இப்போதைக்குப் பாருங்கள், இன்னும் இரண்டு காலாண்டுகள் எழுதிய பிறகு ஆர்டரைப் பாருங்கள்.

இரண்டாவது செய்தி அந்த டீலர். அவர் ஒரு நாளில் பல பட்டறைகளுக்குள் நுழைகிறவர். எந்தப் பாகம் எந்த மெஷினில் தகராறு செய்கிறது என்பது உங்கள் நெருங்கிய நண்பர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. பாஸ்டனுக்கு அருகே உள்ள நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, தமக்குத் தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர்தாம். மற்றவர்கள் எப்போதாவதோ மிக அரிதாகவோ சந்தித்தவர்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம். ஆனால் மூன்று அறிமுகங்கள் ஒரே மனிதரிடமிருந்து வந்திருப்பது கவலைக்கும் உரியது. அவர் ஊர் மாறினால் உங்களுக்கு வரும் அறிமுகங்களில் பாதிக்கு மேல் போய்விடும். பின்தொடர்வோர் எண்ணிக்கை இதை ஒருநாளும் உங்களுக்குக் காட்டியிருக்காது.

சென்னை மார்க்கெட்டிங்:
நீங்கள் சொன்ன ஆய்வே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. பலவீனமான தொடர்புதான் பலன் தரும் என்றால், அதிலும் பலவீனமானவர்கள் பின்தொடர்பவர்கள். அவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்கு நல்லதுதானே?

குறிச்சி டூல்ரூம்:
இல்லை. லிங்க்ட்இனிலேயே இரண்டு கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ளடக்கிய சோதனையின் முடிவுகள் 2022-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தன. பொதுவான நண்பர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துத் தொடர்பின் நெருக்கத்தை அளந்தபோது, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவை ஓரளவு பலவீனமான தொடர்புகள். மிகமிகப் பலவீனமானவை அந்த அளவுக்கு உதவவில்லை. பொதுவாக ஒரு சிலரையாவது இருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்த டீலருக்கும் கேள்வி கேட்டவருக்கும் பொதுவாகத் தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. கான்பூரில் படிக்கும் மாணவருக்கும் இவருக்கும் அப்படி எதுவும் இல்லை. இரண்டு ஆய்வுகளும் வேலை தேடுவோரைப் பற்றியவை, ஆர்டர் தேடுவோரைப் பற்றியவை அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்னை மார்க்கெட்டிங்:
சரி, விகிதத்தைப் பற்றி நான் சொன்னது மிகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவேட்டிலும் ஓட்டை இருக்கிறது. ஓராண்டு வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்து, ஒரு நாள் யாரிடமோ பெயரைக் கேட்டவுடன் "இவரா, தெரியுமே" என்று சொல்கிறவரை நீங்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? உங்கள் தாளில் அவர் அறிமுகத்தில் வந்தவர். உண்மையில் அவரை நம்ப வைத்தது அந்த ஓராண்டு எழுத்து. எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் கடைசிப் படியைத்தான் நினைவில் வைத்துச் சொல்வார்கள். அந்த டீலரிடமே கேட்டுப் பாருங்கள்.

கோவை ஃபிக்ஸ்சர்:
கேட்டேன். மூன்று அறிமுகங்களில் ஒன்றில், சாஃப்ட் ஜா பற்றி நான் படத்துடன் எழுதியிருந்த பதிவைக் கைபேசியில் திறந்து பட்டறை முதலாளியிடம் காட்டியதாகச் சொன்னார். மற்ற இரண்டிலும் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் செய்து கொடுத்த ஃபிக்ஸ்சரைத்தான் சொன்னாராம். அவர் லிங்க்ட்இனில் என்னைப் பின்தொடரவே இல்லை. அந்தப் பதிவை வேறு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

குறிச்சி டூல்ரூம்:
அப்படியானால் சென்னைக்காரர் சொல்வதில் ஒரு பங்கு நிற்கிறது. அந்தப் பதிவு வேலை செய்தது. எண்ணிக்கையில் சேராத ஒருவர் கையில் போய்ச் சேர்ந்ததால் வேலை செய்தது. பதிவேட்டில் இன்னொரு கட்டம் சேருங்கள்: "எதைக் காட்டி அறிமுகப்படுத்தினார்." ட்ராயிங் அனுப்புகிறவர் ஒவ்வொருவரிடமும், என்னைப் பற்றி முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள், யார் சொல்லி அழைத்தீர்கள் என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேளுங்கள். அப்போதும் நினைவுப் பிழை இருக்கும், பாதி குறையும்.

சென்னை மார்க்கெட்டிங்:
பாதி குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஒரு காலாண்டு முழுவதும் எழுதாமல் நிறுத்திவிட்டு, அறிமுகங்கள் குறைகின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும்.

குறிச்சி டூல்ரூம்:
அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். காலாண்டுக்கு ஐந்து அறிமுகங்கள் வரும் தொழிலில் அது மூன்றானாலும் ஏழானாலும், எழுதாததால் ஆனதா, சீசனால் ஆனதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கோவை ஃபிக்ஸ்சர்:
எழுதுவதை நிறுத்தப் போவதில்லை. வாரத்துக்கு இரண்டு என்பதை ஒன்றாக்கி, அதையும் பட்டறை முதலாளியிடம் கைபேசியில் காட்டினால் அரை நிமிடத்தில் புரியும்படி எழுதப் போகிறேன். மிச்சமாகும் நேரத்தில் அந்த டீலரைப் போலப் பல பட்டறைகளுக்குள் போய்வரும் இன்னும் இருவரையாவது, கூலன்ட் விற்பவர், மெஷின் சர்வீஸ் எஞ்சினியர் போன்றவர்களை, நேரில் பார்க்க எண்ணியிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது: அவர்களுக்குப் பதிலுக்கு நான் செய்து தரும் அறிமுகங்களையும் இதே தாளில் எழுதுவதா, தனியாகவா?

குறிச்சி டூல்ரூம்:
அதே தாளில், பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். அந்த டீலர் உங்களுக்கு மூன்று பேரைக் காட்டியிருக்கிறார்; நீங்கள் அவருக்கு ஒருவரையாவது காட்டினீர்களா என்பது அப்போது உடனே கண்ணில் படும்.