நான்கு மாதத்தில் கல்லூரி டோர்னமென்ட்: வேலரன்டா, ஸ்ட்ரீட் ஃபைட்டரா?

முதல்செமஸ்டர்
கல்லூரி வீடியோ கேம் டோர்னமென்டுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வேலரன்ட், ராக்கெட் லீக், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 மூன்றும் உண்டு. போட்டிக்கென்று எந்த கேமும் ஆடிப் பழக்கமில்லை, டீமும் இல்லை. எதைக் கற்றுக்கொண்டால் ஒரு மேட்சாவது ஜெயிக்கலாம்?

ஸ்பைக்செல்வன்
துப்பாக்கிச் சண்டை கேமான வேலரன்ட்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும், கூட ஆட ஆள் தேடி அலைய வேண்டாம். ஒரு டீமுக்கு ஐந்து பேர் வேண்டும், அப்படியென்றால் உங்களுக்கான இடமும் ஐந்து மடங்கு. தினமும் எய்ம் பயிற்சி, அப்புறம் டெத்மேட்ச், அவ்வளவுதான். எய்ம் வந்துவிட்டால் டீம் தானாக வரும்.

ஓரக்கண்
இடம் ஐந்து மடங்கு, சரி. அந்த இடத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் எத்தனை மடங்கு என்று சொல்லவில்லையே செல்வன். அவர்களில் பாதிப் பேர் பள்ளி நாளிலிருந்தே மவுஸைப் பிடித்தவர்கள், அவர்களோடு எய்மில் போட்டி போட நான்கு மாதம் எந்த மூலைக்கு?

தம்பி, நான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்பேன். காரணம் அது எளிது என்பதல்ல. அங்கே உங்களைச் சேர்த்துக்கொள்ள யாருடைய சம்மதமும் வேண்டாம், பெயர் கொடுத்தால் ஆடலாம். சண்டை கேம் போட்டிகள் பெரும்பாலும் டபுள் எலிமினேஷன் முறையில் நடக்கும், அதாவது முதல் செட்டில் தோற்றாலும் லூசர்ஸ் பக்கம் போய் இன்னொரு ஆளைச் சந்திப்பீர்கள். முதல் சுற்றிலேயே தோற்று வந்த இன்னொரு புது ஆள் அங்கே எதிரே உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "ஒரு மேட்சாவது" என்று கேட்டீர்களே, அந்த ஒன்று அங்கேதான் இருக்கிறது.

பூஸ்ட்பிரியன்
ராக்கெட் லீக்கை ஏன் யாரும் சீண்டவே இல்லை? காரை ஓட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ள வேண்டும், அஞ்சு நிமிஷ ஆட்டம், பக்கத்துக்கு மூன்று பேர். விதி கற்றுக்கொள்ள ஒரு நாள்கூட ஆகாது. காசு கொடுத்து வாங்குவதெல்லாம் வெறும் அலங்காரம், சக்தி எல்லாக் காருக்கும் ஒன்றுதான். மூன்றில் ஆகச் சுலபம் இதுதான்.

ஓரக்கண்
விதி சுலபம் என்பது உண்மை. ஆனால் பந்து தரையில் இருக்கும்வரைதான் அந்தச் சுலபம். கொஞ்சம் ஆடிப் பழகியவர் காரைப் பறக்க வைத்து உங்கள் தலைக்கு மேலேயே பந்தைத் தட்டிக்கொண்டு போவார், நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள். அந்த ஏரியல் கைக்கு வர நான்கு மாதம் போதாது. புதியவர்கள் செய்யும் இன்னொரு காரியம், வேகம் கூட்டும் பூஸ்ட் தீர்ந்ததும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அதை நிரப்ப மூலையில் இருக்கும் பெரிய பேடுக்கு ஓடுவது. மைதானத்தில் பெரிய பேடு 6தான், சின்னது 28. போகிற வழியில் சின்னதைப் பொறுக்கிக்கொண்டே பின்னால் திரும்பக் கற்றவர் பறக்கத் தெரியாவிட்டாலும் டீமுக்குப் பாரமாக இருக்க மாட்டார். அந்த அளவுக்கு பிரியன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

கோப்பைக்கனவு
இந்த மூன்றையும் விடுங்கள் நண்பரே. கற்பதென்றால் டோட்டா 2 கற்றுக்கொள்ளுங்கள். 2021 இன்டர்நேஷனலில் பரிசுத் தொகை மட்டும் 4 கோடி டாலருக்கு மேல். எதிர்காலம் அங்கேதான்.

ஸ்பைக்செல்வன்
அவர் கேட்டது கல்லூரியில் ஒரு மேட்ச். நீங்கள் உலகக் கோப்பை வாங்கித் தருகிறீர்கள். அவர் சொன்ன பட்டியலில் டோட்டாவே இல்லை.

நீலச்சங்கு
எங்கள் கல்லூரி டீமில் நான் சேர்ந்தது எய்மை வைத்து இல்லை, அதனால் செல்வன் சொல்வதும் சரியில்லை, ஓரக்கண் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. எல்லோரும் ஜெட், ரெய்னா என்று முன்னால் பாய்ந்து சுடும் டூயலிஸ்ட் பாத்திரங்களை எடுக்கத்தான் அடித்துக்கொள்வார்கள். எதிரியின் பார்வையை மறைக்கும் ஸ்மோக் போட யாருக்கும் மனசு வராது. நான் பிரிம்ஸ்டோனை மட்டும் எடுத்தேன். அவருக்கு ரவுண்டுக்கு மூன்று ஸ்மோக், மேப்பைத் திறந்து மேலிருந்து பார்த்து இடத்தைக் குறித்தால் விழும், கை வேகம் தேவையில்லை. எந்த மேப்பில் எந்த வாசலை எப்போது மறைக்க வேண்டும் என்பதைத்தான் படிக்க வேண்டும், அது படித்தால் வரக்கூடிய விஷயம்.

இன்னொன்று காசுக் கணக்கு. புது டீம்கள் சுடத் தெரியாமல் தோற்பதைவிட இதில் தோற்பதுதான் அதிகம் என்பேன். முதல் ரவுண்டில் கையில் 800. அதை முழுக்கச் செலவழித்துத் தோற்றால் 1900 வரும். இப்போது ஒருவர் ஆசைப்பட்டு 1600க்கு ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்குகிறார், மிச்சம் 300. யாரையும் வீழ்த்தாமல் அந்த ரவுண்டும் போனால் 2400 வரும், மொத்தம் 2700. நல்ல துப்பாக்கியான வேண்டலின் விலை 2900. ஆக மூன்றாவது ரவுண்டில் நான்கு பேர் நல்ல துப்பாக்கியோடு நிற்க இவர் மட்டும் கையைப் பிசைவார். இரண்டாவது ரவுண்டில் ஒன்றும் வாங்காமல் இருந்திருந்தால் 1900, 2400 சேர்ந்து 4300. வேண்டல் போக, 1000க்குப் பெரிய கவசமும் போக, ஸ்மோக்குக்கு 400 நிற்கும். ஸ்பைக் என்ற குண்டை நட்டால் வரும் 300, வீழ்த்தினால் வரும் 200 இதையெல்லாம் நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் "இந்த முறை சேவ், அடுத்தது ஃபுல் பை" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் எந்த டீமும் அவரை வெளியே அனுப்பாது.

ஸ்பைக்செல்வன்
ஸ்மோக் போட்டுவிட்டு எதிரி வந்தால் யார் சுடுவது அக்கா? கடைசியில் ஒருவருக்கு ஒருவர் என்று வந்து நிற்கும்போது பிரிம்ஸ்டோனும் சுட்டுத்தான் ஆக வேண்டும்.

நீலச்சங்கு
வேண்டாம் என்று யார் சொன்னது. தலை உயரத்தில் குறியை வைத்துக்கொண்டு நடக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குமேல் என்னிடம் இன்றும் இல்லை, ஆனாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல்செமஸ்டர்
ஓரக்கண் அண்ணா, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அந்த அரைவட்டம், கால்வட்டம் எல்லாம் சுற்ற வேண்டுமே, அதைப் பார்த்தே பயந்துவிட்டேன். நான்கு மாதத்தில் எதைத்தான் பழகுவது?

ஓரக்கண்
மாடர்ன் கன்ட்ரோல் எடுங்கள். ரியூ என்ற பாத்திரத்துக்கு முன் திசையும் ஸ்பெஷல் பட்டனும் சேர்த்து அழுத்தினால், தாவி வருபவரை இறக்கும் ஷோரியூகென் குத்து வந்துவிடும். இப்படிக் குறுக்கு வழியில் போடும் ஸ்பெஷலுக்கு அடி 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளும் கிடையாது. உங்கள் நிலைக்கு அது நஷ்டமே இல்லை. போட்டி விதியில் மாடர்ன் உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பழக வேண்டியது இரண்டுதான். ஒன்று, தாவி வருபவரை அடித்து இறக்குவது. இன்னொன்று, எதிரியின் அடியைத் தாங்கிக்கொண்டே வந்து விழும் டிரைவ் இம்பேக்ட் என்ற பெரிய அடிக்குப் பதில் கொடுப்பது. அது வெளியே வர 26 ஃப்ரேம் ஆகும், வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் அரை வினாடிக்கும் சற்றுக் குறைவு, பார்த்துவிட்டுப் பதில் கொடுக்கலாம். எதிரி போட்டதைப் பார்த்ததும் நீங்களும் போட்டால் பின்னால் போட்டவர்தான் ஜெயிப்பார். புதியவர்கள் ஏன் மாட்டுகிறார்கள் என்றால், சும்மா பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், அந்த அடி முடிவதற்குள் இம்பேக்ட் வந்து விழும். அதனால் ட்ரெய்னிங் மோடில் டம்மிக்கு மூன்று விஷயங்களை ரெக்கார்டு செய்யுங்கள்: ஒன்றில் தாவல், ஒன்றில் இம்பேக்ட், ஒன்றில் நடந்து வந்து ஒரு உதை. மூன்றையும் மாறி மாறி வரவிட்டுப் பதில் சொல்லுங்கள். மூன்றாவது எதற்கென்றால், இம்பேக்ட் மட்டும் வந்துகொண்டிருந்தால் கண் பார்க்காது, கை ஊகித்துவிடும். டம்மி வெறுமனே உதைக்கும்போதும் உங்கள் கை ஷோரியூகென் போடுகிறதென்றால் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை, ஊகிக்கிறீர்கள். தடுக்கப்பட்ட ஷோரியூகெனுக்குப் பிறகு என்ன அடி வாங்குவீர்கள் என்பது ஆன்லைனில் முதல் நாளே தெரிந்துவிடும்.

நீலச்சங்கு
எல்லாம் நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் ஒரு கல்லூரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் பெயர் கொடுப்பவர்கள் யார்? பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள், அத்தனை பேரும் அதிலேயே ஊறினவர்கள். உங்கள் டபுள் எலிமினேஷனில் இரண்டு முறை தோற்கலாம் என்ற உத்தரவாதம் மட்டும்தான் உண்டு. வேலரன்டில் நாம் சுமாராக ஆடினாலும் கூட ஆடும் நான்கு பேர் தூக்கிவிடுவார்கள்.

ஓரக்கண்
தூக்கிவிடுவார்கள், அந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் பயிற்சிக்கு வந்தால். தேர்வு வாரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு டீமே இல்லை. ட்ரெய்னிங் மோடு இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும்.

யார் வருவார்கள் என்பதை நாம் இங்கே உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டாம். போன வருட பிராக்கெட் இருந்தால் பார்க்கட்டும். முப்பது பேர் வந்திருந்தால் நான் சொன்னது நடக்கும், எட்டுப் பேர் என்றால் நீலச்சங்கு சொன்னதுதான் நடக்கும்.

பூஸ்ட்பிரியன்
ராக்கெட் லீக்கில் மூன்று பேர் போதும் என்பதை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறேன். ஐந்து பேரின் டைம்டேபிளும் வேண்டாம், தனியாளாக அடி வாங்கவும் வேண்டாம்.

முதல்செமஸ்டர்
விசாரித்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் போன முறை 11 பேர், ஆட்டம் PS5இல், கன்ட்ரோலர் நாமே கொண்டுவர வேண்டும். சீனியர் அண்ணன்களின் வேலரன்ட் டீமில் ஸ்மோக் ஆள் இருக்கிறார், ஆனால் மாற்று ஆட்டக்காரர் இல்லையாம், வந்து பார் என்றார்கள். என் லேப்டாப்பில் வேலரன்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது, விண்டோஸ் 11.

நீலச்சங்கு
அது வேலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்டு வேலை. விண்டோஸ் 11இல் TPM 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் செய்திருக்க வேண்டும், பயாஸில் போய்ப் பாருங்கள். ரேங்க் ஆட அக்கவுன்ட் லெவல் 20 வேண்டும், அதையும் இந்த வாரமே ஏற்ற ஆரம்பித்துவிடுங்கள். மாற்று இடத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது ஆள் வராத நாள் நிச்சயம் வரும்.

ஓரக்கண்
வராமல் போனால்தான் ஆட்டம் என்றால் அது என்ன இடம்? ஒத்துக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சி ஆட்டங்களில் வாரத்துக்கு ஒரு மேப்பாவது எனக்குத் தருவீர்களா என்று. தருவோம் என்றால் போங்கள், நான் தடுக்க மாட்டேன். "பார்த்துக்கலாம்" என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அந்த 11 பேரோடு பன்னிரண்டாவதாகப் பெயர் கொடுங்கள்.

ஸ்பைக்செல்வன்
பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம். அப்புறம், எய்ம் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், இவர்கள் என்ன சொன்னாலும்.