புதுப்பிப்பு: ஒரே மாதிரி தெரியும் இரண்டு விடைகளில் எதை நீக்குவது?

என் கேள்வி: "காப்பிட்ட கலனில் நல்லியல்பு வாயு வெற்றிடத்துக்குள் விரிகிறது. 'வாயுவின் என்ட்ரோபி மாறாது', 'சூழலின் என்ட்ரோபி மாறாது'. இதில் எதை நீக்குவது?"

எல்லோருக்கும் நன்றி. முதலாவதை நீக்க வேண்டும்.

கைகொடுத்தது வேதியியல் ஆசிரியர் சொன்ன வழி: இரண்டு வரியிலும் வேறுபடும் சொல்லை மட்டும் வட்டமிட்டு, அதற்குத் தனியாகக் கணக்குப் போடுவது. இங்கே அது வாயுவா, சூழலா என்பதுதான். சூழலுக்கு வெப்பமும் போகவில்லை, வேலையும் போகவில்லை. அதன் மாற்றம் 0. வாயுவுக்குத் தொடக்கமும் முடிவும் போதும். 1 மோல், கன அளவு இரட்டிப்பு, வெப்பநிலை அதேதான். இதே முடிவுக்கு மெதுவாக, மீள் முறையில் போனால் RT ln 2 வெப்பம் உள்ளே வர வேண்டும். அதை T-ஆல் வகுத்தால் R ln 2, சுமார் 5.76 J/K.

"q = 0 என்றால் ΔS = 0" என்ற பதில் பாதி சரி; மீள் நிகழ்வுக்கு மட்டும் பொருந்தும்.

எதிர்பாராத ஒன்று: 'அக ஆற்றல் மாறாது', 'வெப்பநிலை மாறாது' என்ற ஜோடியில் நல்லியல்பு வாயுவுக்கு இரண்டுமே சரி. அப்போது கேள்வியில் 'நல்லியல்பு' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயல்பு வாயு பெரும்பாலும் சற்றுக் குளிரும்.

சரி, வினாவில் 'மீள்' என்றே குறிப்பிடாமல் 'வெப்பம் மாறா நிகழ்வு' என்று மட்டும் இருந்தால் எதை எடுத்துக்கொள்வது? அதில் இன்னும் ஒருமித்த பதில் வரவில்லை.