புதுப்பிப்பு: எல்லா அசைன்மென்ட் கெடுவும் ஒரே ஷீட்டில்

நான் முன்பு இங்கே கேட்டது: "ஐந்து பாடத்தோட கெடுவும் ஒரே ஷீட்ல வேணும். மார்க், உழைப்பு ரெண்டையும் பாத்து எதை முதல்ல எடுக்கறது?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மார்க்கை மணிநேரத்தால் வகுக்கச் சொன்ன தம்பியின் வழியில் 2 மார்க், 1 மணிநேர க்விஸ் உச்சிக்குப் போனது. 20 மார்க், 30 மணிநேர ப்ராஜெக்ட் அடியில் கிடந்தது. காலண்டர் கலர் யோசனை அலுவலக மீட்டிங்குக்குத்தான் சரி. கைகொடுத்தது அக்கா சொன்ன 'தொடங்கும் தேதி'. B-யில் கெடு, D-யில் மணிநேரம், நாளுக்கு 2 மணி:

```
=B2-ROUNDUP(D2/2,0)
```

ஏப்ரல் 20 கெடு என்றால் ப்ராஜெக்டுக்கு ஏப்ரல் 5. முந்திய தேதி மேலே. ஒரே தேதி வந்தால் மட்டும் மார்க் × கிரெடிட்.

எதிர்பாராதது: ஒவ்வொரு வரியும் அந்த 2 மணியைத் தனக்கே எடுத்துக்கொள்கிறது. மூன்று வேலை ஒரே வாரத்தில் மோதினால் தேதி பொய். அப்போது தொடங்கும் தேதியைக் கையால்தான் முந்திய நாளுக்கு மாற்றுகிறேன். குழு ப்ராஜெக்டுக்கு எத்தனை மணி போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.