உரையாடலில் படம் எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, பழைய வாட்ஸ்அப் குடும்ப உரையாடல் ஒன்றைத் தொகுக்கிறேன். மீடியா இல்லாமல் ஏற்றுமதி செய்தால் படம் இருந்த இடத்தில் <Media omitted> என்று வரும், ஆனால் என்னிடம் இருப்பது யாரோ நகலெடுத்து ஒட்டிய வெறும் எழுத்து, அந்த அடையாளமும் இல்லை.

ஓரிடத்தில் “நாளைக்கு வர்றேன்” என்கிறார் அக்கா. அடுத்த வரியிலேயே மாமா, “ரெண்டாவது வரிசையில நிக்கறது யாரு?” அப்புறம் சித்தி, “கொஞ்சம் மங்கலா இருக்கே”. வரிசை, மங்கல் எல்லாம் கண்ணால் பார்த்ததைச் சொல்லும் சொற்கள், அதனால் நடுவில் ஒரு படம் வந்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். “சூப்பர்”, “யார் இது?” மட்டும் இருந்தால்தான் சிக்கல், அது குரல்பதிவுக்கோ நீக்கிய செய்திக்கோ வந்த பதிலாகவும் இருக்கலாம். நேரம் பார்த்தும் பயனில்லை, சிலர் மறுநாள்தான் பதில் போடுகிறார்கள்.

இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்திருந்தால் எந்தப் பதில் எதற்கு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? படமா வீடியோவா என்று பதில்களை வைத்தே சொல்ல வழி உண்டா? இப்படித் தொகுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்தப் படங்களைச் சொந்தக்காரர்களிடம் தேடிக் கேட்க வேண்டும்.